நாலாயிரம் ரூபாயில் பிலாத்துவின் முற்றம்

தவக்காலம் தொடங்கினால் சிற்றூர்ப் பங்குகளில் ஒரு பேச்சு எழும். இந்த ஆண்டு பாஸ்கா போடலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். இறுதி இராவுணவு, கெத்சமனித் தோட்டம், விசாரணை, சிலுவைப் பாதை, மரணம், உயிர்ப்பு என்று காட்சிகளை அடுக்குவார்கள். மேடை, பந்தல், விளக்கு, வாடகை உடை என்று கணக்குப் போட்டால் தொகை எங்கோ போய் நிற்கும். பங்குத்தந்தை தயங்குவார். பேச்சு அத்தோடு அடங்கிவிடும்.

அப்படிக் கைவிட வேண்டியதே இல்லை. முழுப் பாடுகளையும் நடிக்க வசதியில்லாத பங்கு, அதில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதை முறையாகச் செய்யலாம். அப்படிச் செய்தால் செலவு எவ்வளவு குறையும், எங்கே குறைக்கவே கூடாது என்பதை ஒரு காட்சியை வைத்தே சொல்கிறேன். பிலாத்துவின் முன் இயேசு நிற்கும் காட்சி. நடப்பது ஒரே இடத்தில். நேரம் கால் மணி. நடிப்பவர்கள் பத்துப் பேர், கதை சொல்பவர் ஒருவர். கையில் இருக்கும் பணம் 4,000 ரூபாய்.

பென்சிலோடு வாசியுங்கள்

வேலை கடைத்தெருவில் தொடங்கக் கூடாது. விவிலியத்தில் தொடங்க வேண்டும். மத்தேயு 27, மாற்கு 15, லூக்கா 23, யோவான் 18, 19 ஆகிய அதிகாரங்களில் இந்தக் காட்சி வருகிறது. குழுவில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, கையால் தொடக்கூடிய பொருள் எது வந்தாலும் அதன் கீழே கோடு போடுங்கள்.

முடிவில் கிடைக்கும் பட்டியல் மிகச் சிறியது. இயேசுவைக் கட்டிய கட்டு, பிலாத்து உட்காரும் நடுவர் இருக்கை, கல் பாவிய தளம், அவன் கை கழுவும் தண்ணீர், சாட்டை, சிவப்புப் போர்வை, முள்முடி, வலக்கையில் கொடுக்கும் கோல். அவ்வளவுதான். தூண்கள் இல்லை, திரைச்சீலை இல்லை, பிலாத்துவுக்குக் கிரீடம் இல்லை, பளபளக்கும் தலைக்கவசம் இல்லை. நம் நாடகங்களில் பணத்தை விழுங்குவது நற்செய்தியில் இல்லாத இந்தப் பொருள்கள்தான்.

ஆகவே கோடு போட்ட எட்டும் நன்றாக அமைய வேண்டும். பணமும் உழைப்பும் அவற்றுக்குத்தான் போக வேண்டும். கோடு விழாத எதற்கும் முதல் சுற்றில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கடைசிவரை பிடித்துக்கொண்டால் நாலாயிரத்தில் மிச்சமே வரும்.

எட்டில் ஒன்றை மேடைக்கு வெளியே தள்ளிவிடுவது நல்லது. சாட்டையடியை மக்கள் கண்முன் காட்டினால் பொய்யடி என்பது உடனே தெரிந்துவிடும். உண்மையாக அடிபட்டால் அதைவிட ஆபத்து. இயேசுவைக் கோவில் கதவுக்குப் பின்னால் கூட்டிச் செல்லுங்கள். உள்ளே மணல் நிரப்பிய சாக்கில் ஒருவர் தோல் வாரால் அடிக்கட்டும். வெளியே யாரும் பேசக் கூடாது. சத்தம் மட்டும் கேட்கும்போது கூட்டம் அமைதியாகிவிடுவதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். முதுகில் ரத்தக் காயம் வரையும் வேலையும் இதனால் இல்லாமல் போகிறது.

மேடை கட்ட வேண்டாம்

பெரும்பாலான பங்குக் கோவில்களுக்கு முகப்பும் நாலைந்து படிகளும் உண்டு. அதுவே பிலாத்துவின் முற்றம். யோவான் சொல்லும் கல்தளம் அங்கேயே இருக்கிறது. படிகளின் உச்சியில் நடுவர் இருக்கை. இயேசு இரண்டு படி கீழே. படைவீரர்கள் இருபுறமும். மக்கள் தரையில். யார் மேலே, யார் கீழே என்பதை இந்த உயரமே சொல்லிவிடும்.

இருக்கைக்குக் கைப்பிடி வைத்த பழைய மர நாற்காலி ஒன்று போதும். பிளாஸ்டிக் நாற்காலியில் துணி போர்த்தி ஏமாற்றப் பார்க்காதீர்கள். உட்காரும்போது அது வளைவதைப் பின்வரிசையில் இருப்பவர்கூடப் பார்த்துவிடுவார். மர நாற்காலியை முந்தின நாளே படியில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் காலுக்கடியில் அட்டையை மடித்து வையுங்கள்.

நேரத்தை மாலை ஐந்தரை அல்லது ஆறு மணிக்கு வைத்தால் இயற்கை வெளிச்சம் உதவும். கோவில் முகப்பு மேற்கு பார்த்ததாக இருந்தால் சாயும் வெயில் நடிகர்களின் முகத்தில் விழும். அவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள், மக்களுக்கோ நன்றாகத் தெரியும். கிழக்கு பார்த்ததென்றால் முகப்பு நிழலில் கிடக்கும். அப்போது வாசலில் இரண்டு விளக்கு தேவை. இதை ஊகத்தில் முடிவு செய்யாமல், அதே நேரத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். புனித வெள்ளித் திருவழிபாட்டு நேரத்தோடு மோதாதபடி பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி நேரம் குறித்துக்கொள்வதும் அவசியம். நாடகம் பக்தி முயற்சி. திருவழிபாட்டுக்குள் அதைக் கலக்கக் கூடாது.

பிலாத்து அரசன் அல்ல

நாடக உடை வாடகைக் கடைக்குப் போய் பிலாத்து வேடம் என்று கேட்டால், ஜிகினா வைத்த ராஜா உடையையும் கிரீடத்தையும் எடுத்துத் தருவார்கள். ஆனால் பிலாத்து அரசன் அல்ல. 1961இல் இஸ்ரேலின் கடலோரச் செசரியாவில் நடந்த அகழாய்வில் அவன் பெயர் பொறித்த சுண்ணாம்புக்கல் ஒன்று கிடைத்தது. இப்போது எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல், அவனை யூதேயாவின் ஆளுநர் என்ற பதவிப் பெயரால் குறிக்கிறது. உரோமைப் பேரரசனுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஓர் அதிகாரி அவன். அந்தப் பயத்தில்தான் காட்சியே நகர்கிறது. கிரீடம் வைத்தால் கதையே மாறிப்போகும்.

அவனுக்கு வெள்ளை அரைக்கை அங்கி ஒன்று. அதன் மேல் கரையில்லாத எட்டு முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இடத்தோளில் போட்டு, முதுகைச் சுற்றி, வலக்கைக்குக் கீழாகக் கொண்டுவந்து மறுபடி இடத்தோளில் எறிந்தால் உரோமையர் மேலாடையின் சாயல் வந்துவிடும். வேட்டி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அரக்குச் சிவப்புத் துணியை ஓட்டுத்தையல் போட்டு வைத்தால், விழா முடிந்ததும் பிரித்துவிட்டு வேட்டியை உரியவரிடம் கொடுத்துவிடலாம். இடத்தோளில் உள்ளிருந்து இரண்டு ஊக்கு குத்த மறக்காதீர்கள். கை கழுவக் குனியும்போது சரிந்து விழுவது இந்த உடைதான்.

இயேசுவின் அங்கிக்குக் காடாத் துணி நாலு மீட்டர். தூய வெள்ளை வேண்டாம். விளக்கொளியில் அது கண்ணைக் கூசவைக்கும், புதுத்துணி என்பதும் தெரியும். தேயிலைத்தூளை ஒரு பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, கைப்பிடி உப்பு போட்டு, நனைத்த துணியை அரைமணி நேரம் ஊறவிட்டு நிழலில் உலர்த்துங்கள். வைக்கோல் நிறம் ஏறும். தைப்பதற்கு முன்பே சாயமேற்ற வேண்டும். காடாத் துணி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு நனைத்தால் முழங்காலுக்கு ஏறிவிடும்.

தலைமைக் குருக்கள் இருவருக்கும் வீடுகளிலிருந்து வாங்கும் பட்டுச்சேலைகளே மேலாடை. இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பல ஊர்களில் யூதக் குருக்களுக்குக் கறுப்பு உடை கொடுத்து, முகத்தை விகாரமாக வரைந்து வில்லனாகக் காட்டுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு, இயேசுவின் மரணத்துக்கான பழியை அன்றைய யூதர் அனைவர்மீதும் இன்றைய யூதர்மீதும் சுமத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இயேசுவும் யூதர், அவர் சீடர்களும் யூதர். ஆகவே குருக்களின் உள்ளங்கியும் இயேசுவின் அங்கியும் ஒரே காடாவில், ஒரே தையலில் இருக்கட்டும். பட்டு மேலாடை அவர்களின் பதவியைக் காட்டினால் போதும். முகத்தில் எதுவும் வரைய வேண்டாம்.

ஒரே சிவப்புத் துணி, இரண்டு வேலை

படைவீரர் நால்வர். பங்கு நாடகங்களில் அதிகம் கெட்டுப்போவது இவர்களின் உடைதான். அட்டையில் தலைக்கவசம் செய்து வெள்ளித்தாள் ஒட்டினால், வியர்வையில் ஊறி நடுக்காட்சியில் கண்ணை மறைக்கும். சிறுவர்கள் சிரிப்பார்கள். காட்சி அங்கேயே போய்விடும்.

யூதேயாவில் பிலாத்துவின் கீழ் இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்திலேயே சேர்க்கப்பட்ட துணைப்படையினர். திரைப்படங்களில் வருவதுபோல் மின்னும் கவசம் அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. அதனால் தலைக்கவசத்தை விட்டுவிட்டுத் தலையில் பழுப்பு நிற ரெக்சின் பட்டை ஒன்றைக் கட்டுங்கள். கார், பைக் சீட் கவர் தைக்கும் கடையில் வெட்டி ஒதுக்கிய ரெக்சின் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை நாலு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, இடுப்பு வாரில் வரிசையாகத் தொங்கவிட்டால் போர்வீரன் இடையாடை தயார். மார்புக்கு இரண்டு அகலத் துண்டுகளைத் தோளில் நாடாவால் முடியலாம். உள்ளே அவரவர் வீட்டுப் பழுப்பு அல்லது அரக்கு நிற டி-சர்ட்டைத் திருப்பிப் போட்டால் எழுத்தும் படமும் மறையும்.

தோளில் ஆளுக்கு இரண்டு மீட்டர் சிவப்புத் துணி. இங்கேதான் நற்செய்தியே நமக்குச் செலவு மிச்சம் பிடித்துத் தருகிறது. மத்தேயு சொல்லும் செந்நிறப் போர்வை, படைவீரர் அணியும் மேலாடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் வருகிறது. அப்படியானால் இயேசுவுக்கென்று தனிப் போர்வை தேவையில்லை. ஒரு வீரன் தன் தோளில் இருப்பதை அவிழ்த்து இயேசுவின் மேல் போடட்டும். அதன்பின் அந்த வீரன் மட்டும் போர்வையில்லாமல் நிற்பான். ஏளனத்துக்கு என்று எங்கிருந்தோ கொண்டுவந்த ராஜ உடை அல்ல, கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போர்த்தினார்கள் என்பது ஒரு வசனமும் இல்லாமல் விளங்கும். இதற்காக அந்த ஒருவரின் துணியை மட்டும் ஊக்கு குத்தாமல் ஒற்றை முடிச்சாக விடுங்கள். கை நடுங்கினாலும் இழுத்ததும் அவிழ வேண்டும்.

ஈட்டிக்கு ஆறடி மூங்கில். முனையைத் தடித்த அட்டையில் இலை வடிவில் வெட்டிச் சாம்பல் நிறம் பூசினால் போதும். இரும்பு முனை கூடவே கூடாது. ஈட்டி எப்போதும் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும், யாரை நோக்கியும் சாயக் கூடாது என்பதை முதல் ஒத்திகையிலேயே பழக்குங்கள்.

முள்முடியும் தண்ணீரும்

கருவேல முள்ளை ஒடித்து முடி பின்னி வைக்கும் ஊர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கீறல் மட்டுமல்ல, யாராவது கையால் தட்டிவிட்டால் முள் கண்ணுக்குப் போகும். தேங்காய்நார்க் கயிறு மூன்று இழையை நடிகரின் தலையளவுக்கு வட்டமாக முறுக்குங்கள். வடிவம் குலையாமலிருக்க நடுவில் ஒரு மெல்லிய கட்டுக்கம்பி ஓடட்டும். கம்பி முனைகளை மடித்துத் துணி சுற்ற வேண்டும். தென்னை ஈர்க்கை இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்கி, கயிற்றின் இழைகளுக்குள் வெளிப்பக்கமும் மேல்பக்கமும் பார்க்கும்படி செருகி, அடியில் ஃபெவிகால் வையுங்கள். உட்பக்கம் ஓர் ஈர்க்கும் நீளக் கூடாது. ஒரு நாள் காயவிட்டு, கெட்டியான தேயிலைச் சாற்றைத் தடவினால் காய்ந்த முள்ளின் நிறம் வரும். உள்விளிம்பில் பழைய பருத்தித் துணிப் பட்டையைச் சுற்றித் தைத்துவிடுங்கள். பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது முள்தான். அணிந்தவருக்கு ஒரு சும்மாடு அளவுக்குத்தான் உறுத்தும்.

நெற்றி ரத்தத்துக்குக் குங்குமத்தைக் குழைக்காதீர்கள். வியர்வையோடு கண்ணில் இறங்கினால் எரியும். சர்க்கரைப் பாகும் வேண்டாம். ஈயும் எறும்பும் வரும். சோளமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, சமையலுக்குப் போடும் சிவப்பு வண்ணத்தையும் சிறிது காப்பி டிக்காஷனையும் சேர்த்தால் கருஞ்சிவப்பாக வரும். இரண்டு கோடு போதும். கதவுக்குப் பின்னால் முடியைச் சூட்டும்போதே ஒருவர் அதைத் தொட்டு வைத்துவிடலாம். அங்கியில் பட்டால் கறை போகாது என்பதால் முதலில் ஒரு துண்டுத் துணியில் சோதித்துப் பாருங்கள்.

கோலுக்கு நாணல் அல்லது சோளத்தட்டை. பார்க்க நீளமாக இருக்கும், தட்டினால் வலிக்காது. மூங்கிலைக் கொடுத்தால் உணர்ச்சிவசப்பட்ட ஒரு வீரன் ஓங்கிவிடுவான்.

இந்தக் காட்சியின் நடுநாயகம் தண்ணீர்தான். கை கழுவும் பாத்திரம் எவர்சில்வராக இருந்தால் கல்யாணப் பந்தி நினைவு வந்துவிடும். பித்தளை உருளி ஒன்றும், மூக்கு வைத்த கிண்டி அல்லது செம்பு ஒன்றும் எந்த ஊரிலும் இரவலாகக் கிடைக்கும். புளி போட்டு மினுக்க வேண்டாம், மங்கலாகவே இருக்கட்டும். செம்பில் ஒன்றரை லிட்டர் தண்ணீர். பணியாள் ஒரு சாண் உயரத்திலிருந்து மெதுவாக ஊற்ற, பிலாத்து அவசரப்படாமல் மணிக்கட்டுவரை கழுவ வேண்டும். உருளிக்கு அருகே ஒரு மைக்கை வைத்தால் தண்ணீர் விழும் ஓசை கடைசி வரிசைவரை கேட்கும். அந்த அரை நிமிடம் யாரும் பேசக் கூடாது, பாட்டும் கூடாது. துடைக்க வெள்ளைத் துண்டு. ஒத்திகையிலும் தண்ணீரை ஊற்றியே பழகுங்கள். வெறும் செம்பைச் சாய்த்துப் பழகியவர் கடைசி நாளில் படியெல்லாம் சிந்துவார். அதில் வழுக்கி விழப்போவது வெறுங்காலோடு ஈட்டி பிடித்து நிற்பவர். உருளிக்கடியில் சாக்கு ஒன்றை மடித்துப் போடுங்கள்.

யார் யார் எதற்கு?

தவக்காலமும் அரசுப் பொதுத்தேர்வும் ஒன்றாக வரும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிப்பவர்களை ஆசைக்காகச் சேர்த்துவிட்டால் பாதியில் பெற்றோர் வந்து கூட்டிப்போவார்கள். அவர்கள் சொல்வதுதான் நியாயம். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டு விலக்கு. திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பவர்கள் பெரிய வியாழனன்றுதான் ஊர் வந்து சேர்வார்கள். அவர்களுக்கு வசனமில்லாத வீரர் வேடம். ஓர் ஒத்திகையில் பழகிவிடலாம்.

முகத்தைப் பார்த்து இயேசுவைத் தேடுவது வழக்கம். இந்தக் காட்சியில் இயேசு பேசுவது மிகக் குறைவு. கால் மணி நேரம் ஆடாமல் அசையாமல், யார் என்ன செய்தாலும் திரும்பிப் பார்க்காமல் நிற்கக்கூடியவர் வேண்டும். மேடைக் கூச்சம் உள்ள, நிதானமான ஒருவர் இதற்குப் பொருந்துவார். குரலும் நடிப்பும் வேண்டியது பிலாத்துவுக்கு. பங்கில் திருப்பலி வாசகம் நன்றாக வாசிப்பவர் யாரோ அவரைப் பிடியுங்கள். பிலாத்துவின் மனைவி அனுப்பும் செய்தியைக் கொண்டுவருபவராக ஒரு பெண்ணை நிறுத்தலாம். அவரே பிறகு செம்பைத் தூக்கிவந்து தண்ணீர் ஊற்றட்டும். ஓர் ஆள் மிச்சம். பரபாவாக வருபவர் விடுதலையானதும் ஓடிவிடாமல் ஒரு கணம் நின்று இயேசுவைப் பார்த்துவிட்டுப் போனால் போதும், வசனம் வேண்டாம்.

தலைமுடிக்கும் தாடிக்கும் ஒட்டுமுடி வாங்காதீர்கள். மலிவானது பார்த்தவுடன் தெரியும், நல்லது நம் கணக்குக்குள் அடங்காது. ஜெர்மனியின் ஓபராமர்கவ் கிராமம் 1633இல் கொள்ளைநோய்க் காலத்தில் செய்த நேர்ச்சையின்படி 1634 முதல் பாடுகளின் நாடகத்தை நடத்திவருகிறது. நடிப்பவர்கள் ஊர்க்காரர்களே. நாடகத்துக்கு முந்தைய ஆண்டின் திருநீற்றுப் புதனிலிருந்து முடி வெட்டக் கூடாது, தாடி மழிக்கக் கூடாது என்று அங்கே அறிவிப்பே வெளியாகும். நமக்கு ஓர் ஆண்டு வேண்டாம். திருநீற்றுப் புதனிலிருந்து புனித வெள்ளிவரை 44 நாள். தவக்காலத்தில் தாடி விடும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அன்றே வேடம் முடிவானால் தாடி தானாக வளர்ந்துவிடும். உரோமையர் முகம் மழிப்பவர்கள் என்பதால் பிலாத்து மட்டும் புனித வெள்ளி காலையில் சவரம் செய்துகொள்ளட்டும்.

இனிக் கூட்டம். சிலுவையில் அறையச் சொல்லி முழங்கும் மக்களாக முப்பது பேரை உடையோடு நிறுத்த நம்மால் முடியாது, தேவையும் இல்லை. புனித வெள்ளித் திருவழிபாட்டில் பாடுகள் வாசிக்கப்படும்போது, கூட்டத்தின் சொற்களைக் கோவிலில் இருக்கும் மக்களே சொல்வது வழக்கம். அதையே இங்கும் செய்யுங்கள். குரல் எழுப்பப் பன்னிரண்டு பேரை, பெண்களும் முதியவர்களும் உட்பட, வழக்கமான உடையில் மக்களுக்குள் பரவலாக உட்காரவையுங்கள். அவர்கள் எழுந்து முழங்கும்போது பக்கத்திலிருப்பவர் திடுக்கிட்டுத் திரும்புவார். மூன்றாவது முறை அவரும் சேர்ந்துவிடுவார். பழி யாரோ ஓர் இனத்தின் மேல் விழாமல் நம் ஒவ்வொருவர் மேலும் விழுகிறது. செலவும் இல்லை.

வசனத்தைப் பதிவு செய்து ஓடவிட்டு வாயசைக்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. இந்தக் காட்சிக்கு அது ஒத்துவராது. மக்கள் முழக்கம் ஒரு நொடி நீண்டாலும் பதிவு காத்திருக்காது. மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடும். கோவிலில் இருக்கும் இரண்டு மைக்கே போதும். ஒன்று கதை சொல்பவரிடம். இன்னொன்று நடுவர் இருக்கைக்கும் உருளிக்கும் இடையே தாழ்வான ஸ்டாண்டில். பேசுகிறவர் பிலாத்துவாகவே பெரும்பாலும் இருப்பதால் இது சரியாக அமையும்.

ஒத்திகை ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு ஒரு மணி நேரம், ஐந்து வாரம். குருத்தோலை ஞாயிறன்று பொருள்களோடு ஒரு முறை. பெரிய வியாழன் வழிபாட்டுக்கு முன் முழு உடையில் ஒரு முறை. இரண்டு ஒத்திகைக்குத் தொடர்ந்து வராதவரின் வேடத்தை மாற்றிவிடுவதாக முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். வீரர்களில் ஒருவர் பரபாவின் அசைவுகளையும், குருக்களில் ஒருவர் பிலாத்துவின் வசனத்தையும் கற்று வைத்திருக்கட்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் காட்சி நடக்கும்.

கணக்கு

விலை ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கத்து விலைக்கு இது இப்படி வருகிறது. இயேசு, குருக்கள் இருவர், பரபா ஆகியோருக்குக் காடாத் துணி 14 மீட்டர், மீட்டர் 60 வீதம் 840. சிவப்புத் துணி 8 மீட்டர், 70 வீதம் 560. நாலு அங்கிக்குத் தையற்கூலி 600. பிலாத்துவின் அங்கி பழைய வெள்ளைச் சட்டையின் காலரை வெட்டிச் செய்ததால் செலவில்லை. ரெக்சின் துண்டு 200. மூங்கில் நாலு 240. கயிறு, கம்பி, ஃபெவிகால், அட்டை, சாயத்துக்குத் தேயிலை, ஊக்கு, நாடா எல்லாம் சேர்த்து 400. ரத்தச் சாயம் 60. மைக் பேட்டரி, முதலுதவிப் பொருள் 300. மொத்தம் 3,200. மீதி 800 கையிருப்பு.

இதில் ஒத்திகைத் தேநீர் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பதினைந்து பேருக்கு ஏழு ஒத்திகை, தேநீர் 12 ரூபாய் என்று வைத்தாலும் 1,260 ஆகிவிடும். துணி வகை இரண்டுக்கும் ஆகும் செலவுக்குக் கிட்டத்தட்ட அது சமம். பட்ஜெட்டை உடைப்பது பெரும்பாலும் இந்தச் சில்லறைதான். வாரத்துக்கு ஓர் அன்பியம் என்று முறை வைத்து, வீட்டிலிருந்தே சுக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

இரவல் பொருள்களுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். பொருள், உரியவர், வாங்கிய நாள், திருப்பிய நாள் என நாலு கட்டம். வாங்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டுச்சேலையில் ஊக்கு குத்தக் கூடாது. தோளில் நாடாவால்தான் கட்ட வேண்டும். சேலையின் உள்முனையில் உரியவர் பெயரெழுதிய சீட்டைத் தளர்வாக நூலில் கோத்துவிடலாம். ஒரு சேலை கிழிந்து திரும்பினால் அடுத்த ஆண்டு அந்தத் தெருவிலேயே எதுவும் கிடைக்காது. கையிருப்பு 800 ரூபாயை ஒதுக்கியது இப்படி ஏதாவது நேர்ந்தால் ஈடு கட்டத்தான்.

அன்று மாலை

புனித வெள்ளி நோன்பு நாள். நடிப்பவர்களில் பலர் ஒரு வேளை உணவோடு இருப்பார்கள். ஏப்ரல் வெக்கையில், ரெக்சின் கட்டி, அசையாமல் நிற்கும்போது தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. நாலு மணிக்கு எல்லாருக்கும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுங்கள். நிற்பவர்கள் முழங்காலை விறைத்துப் பூட்டாமல் சற்றுத் தளர்த்தி நிற்க வேண்டும். இயேசுவின் கைக்கட்டு, அவரே இழுத்தால் அவிழும் உருவுமுடிச்சாக இருக்கட்டும்.

படியேறுவதற்கு முன் ஒருவர் ஒவ்வொருவரையும் தலை முதல் கால்வரை பார்க்க வேண்டும். கைக்கடிகாரம், மோதிரம், கையில் கட்டிய கயிறு, மூக்குக் கண்ணாடி, செல்போன், ரப்பர் செருப்பு, அங்கிக் கழுத்தில் எட்டிப் பார்க்கும் பனியன். கழற்றியதையெல்லாம் பெயரெழுதிய காகித உறைகளில் போட்டுக் கோவில்பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பொருள்களுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் போதும். ஆனால் அவர் நடிக்கக் கூடாது. செம்பில் தண்ணீர் இருக்கிறதா, முடியும் கோலும் கதவுக்குப் பின்னால் இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை.

முடிந்த மறுநாளே உடைகளைத் துவைத்துக் காயவைத்து, வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் மடித்து வையுங்கள். முள்முடியைத் தனி அட்டைப்பெட்டியில் வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தவக்காலத்தில் இதே காட்சிக்குப் புதிதாக வாங்க வேண்டியது ஊக்கு, பேட்டரி, ரத்தச் சாயம், ஒரு சோளத்தட்டை. மிச்சப் பணத்தில் இறுதி இராவுணவுக் காட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கொரு காட்சி என்று வைத்தால், கடன் வாங்காமல், யாரிடமும் நன்கொடை ரசீது நீட்டாமல், சில ஆண்டுகளில் உங்கள் பங்கும் முழுப் பாஸ்காவை நடத்திவிடும்.